வெள்ளை சோலில் நீலக் கோடு

நீல நிற கேன்வாஸ் ஷூவைத் துவைத்துக் காயவைத்த பிறகு வெள்ளை சோல் ஓரத்தில் நீலக் கோடு தெரிந்தால், அது பெரும்பாலும் காயும்போது விழுந்த கோடு. பருத்தித் துணியில் பிடிக்காமல் நிற்கும் சாயம் ஈரத்தோடு நகரும். ஷூவை நிமிர்த்தி வைத்தால் ஈரம் கீழே இறங்கித் துணியும் ரப்பரும் சேரும் இடத்தில் தங்கும். தண்ணீர் ஆவியாகிப் போக, சாயம் அங்கேயே நின்றுவிடும்.

அதனால் ஷூவை வாளியில் ஊறவைக்கவே கூடாது. ஊறினால் கெடுவது நிறம் மட்டுமல்ல. பல ஷூக்களில் உள்ளே அட்டை போன்ற ஒரு தகடு இருக்கும். அது தண்ணீர் குடித்து உப்பி, காயும்போது வளைந்துவிடும். பசைக்கு வெந்நீரும் ஆகாது; சூட்டில் இளகும். வாஷிங் மெஷினில் போட்டால் ஊறல், உருட்டல் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் லேஸையும், கழற்ற வருமானால் இன்சோலையும் எடுத்துவிட்டு, மண்ணைக் காய்ந்தபடியே தட்டி உதறுங்கள். நனைத்தால் சேறாகி இழைக்குள் போய்விடும். பிறகு நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை நாக்கின் உட்புறத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் சோல் ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் அரை டீஸ்பூன் லிக்விட் டிடர்ஜென்ட் விட்டு நுரை வர அடித்துக்கொள்ளுங்கள். பழைய டூத்பிரஷால் நுரையை மட்டும் தொட்டு, உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்த்ததும், ஈரத்துணியால் சோப்பைத் துடைத்தெடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். சோப்பு மிச்சமிருக்கக் கூடாது. வெள்ளை கேன்வாஸ் காய்ந்ததும் மஞ்சள் திட்டு விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெஷ் ஷூ பெரும்பாலும் பாலியஸ்டர். சாயம் அவ்வளவாக இறங்காது. ஆனால் வலைக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும், கடின பிரஷ் இழையை இழுத்துவிடும். பஞ்சு போன்ற பிரஷும் இன்னும் குறைந்த நுரையும் போதும்.

துடைத்து முடித்ததும் டவலில் சுற்றி அழுத்தி ஈரத்தை எடுங்கள். வெள்ளைத் தாளைக் கசக்கி முனைவரை திணித்தால் வடிவம் நிற்கும், உள்ளீரமும் ஏறிக்கொள்ளும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். டேப்பை உரித்துவிட்டு, சோல் மேலே இருக்கும்படி ஷூவைக் கவிழ்த்து, வெயிலில் அல்லாமல் ஃபேன் காற்றில் வையுங்கள். தாள் நனைந்தால் மாற்றுங்கள்.

காய்ந்த பிறகு முன்பாதத்தை மெதுவாக மடக்கிப் பாருங்கள். துணிக்கும் சோலுக்கும் நடுவே மயிரிழை பிளவு தெரிந்தால் பசை விட ஆரம்பித்துவிட்டது. அப்போதே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிவிட வேண்டும். சோலில் சாயம் பட்டிருந்தால் உடனே சோப்புத் துணியால் துடையுங்கள். ரப்பருக்குள் இறங்கிவிட்ட சாயத்துக்கு ப்ளீச் போடாதீர்கள். நீலம் போகாவிட்டாலும் சோல் மஞ்சளாகிவிடும்.