மூச்சுக்குழலின் நகரும் படிக்கட்டு

மட்டாஞ்சேரியின் சுக்குப் பண்டகசாலை ஒன்றில் காலை வெயில் சாளர வழியே விழும்போது, அந்த ஒளிக்கற்றையில் தூசி நடனமாடுவதைக் காணலாம். முறத்தில் சுக்குப் புடைக்கும் பெண்மணி நாள்தோறும் அதனையே சுவாசிக்கிறாள். ஆயினும் மாலையில் அவள் நெஞ்சு தூசியால் அடைபட்டுப் போவதில்லை. காரணம் என்ன?

பெரிய தூசிகளை மூக்கே தடுத்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு பருமனுள்ள ஒரு துகள் மட்டும் காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்தது எனக் கொள்வோம். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் காற்று சட்டெனத் திரும்புகிறது. துகளோ அவ்விரைவில் திரும்ப இயலாமல் சுவரில் மோதிச் சளியில் ஒட்டிக் கொள்கிறது.

அச்சுவரில் குற்றிழைகள் என்னும் நுண்ணிய இழைகள் அடர்ந்திருக்கின்றன. ஓர் உயிரணுவுக்குச் சுமார் இருநூறு இழைகள் உண்டு. அவை நீர்த்த படலம் ஒன்றில் நின்று, மேலே மிதக்கும் பசையான சளியை நுனியால் தள்ளுகின்றன. நிமிர்ந்து விரைவாய் மேல்நோக்கி ஓர் அடி. பின்னர் வளைந்து, சளியைத் தொடாமல் மெல்லத் திரும்புதல். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் இது நிகழ்கிறது. காற்றிலாடும் நெற்பயிர் போல அலையலையாய் அவை அசைவதால், சளி ஒரே திசையில் ஏறுகிறது.

நிமிடத்திற்கு ஐந்து மில்லிமீட்டர் வேகம் என்றால், பதினோரு சென்டிமீட்டர் நீளமுள்ள மூச்சுக்குழலைக் கடக்க இருபத்திரண்டு நிமிடம் ஆகும். பத்தரை மணிக்குள் அத்துகள் தொண்டையை எட்டிவிடும். அதனை அவள் அறியாமலே விழுங்கிவிடுகிறாள். உடன் வந்த கிருமிகளில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் மடிகின்றன.

எனினும் இப்படிக்கட்டு கடைசிவரை செல்வதில்லை. ஆயிரத்தில் இரண்டு பங்கிற்கும் குறைந்த நுண்தூசி, குற்றிழைகளே இல்லாத காற்றுப்பைகளை அடைந்துவிடும். அங்கே விழுங்கும் உயிரணுக்களே துணை. அவற்றின் வேலை நாட்கணக்கில், மாதக்கணக்கில் நீளும்.

புகை பிடிப்போருக்கு நிலைமை வேறு. புகை குற்றிழைகளைத் தளர்த்தி, நாளடைவில் அழிக்கிறது; சளியையோ பெருக்குகிறது. படிக்கட்டு நின்றபின் தேங்கிய சளியை வெளியேற்ற இருமல் ஒன்றே வழி. அவர்தம் காலை இருமலுக்குப் பொருள் இதுவே.

இவ்வியக்கத்தை மருத்துவர் எளிதில் அளக்கலாம். மூக்கினுள் சிறிது சாக்கரின் வைப்பர். மூக்கிலுள்ள குற்றிழைகள் அதனைத் தொண்டைப் பக்கம் தள்ளும். சுமார் இருபது நிமிடத்திற்குள் இனிப்புத் தெரிந்தால் நலம். அரை மணி கடந்தும் தெரியாவிடில் இழைகள் தளர்ந்துள்ளன என ஐயுறலாம்.

ஆகவே, தூசியில் உழைப்போர் முகமூடி அணிவது, படிக்கட்டு எட்டாத நுண்தூசியைக் குறைப்பதற்காகவே. இருமல் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது தூசியால்தான் என்று இருந்துவிடாமல் சளியைச் சோதித்துக் கொள்ளுதல் வேண்டும்.