கரப்பான் மருந்து வைத்த பிறகு

சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு. தவழும் குழந்தையும் பூனையும் இருப்பதால், மருந்து வைக்க வந்தவரிடம் ஸ்ப்ரே வேண்டாம் என்றார் குடும்பத் தலைவி. சரியான முடிவு. சில ஸ்ப்ரேக்களில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு.

அவர் ஜெல் வைத்தார். அலமாரிக் கீல்களின் உள்பக்கம், ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில் எனக் குழந்தையின் கையும் பூனையின் நாக்கும் எட்டாத இடுக்குகளில் சிறு பொட்டுகள். பாத்திரங்களை வெளியே எடுக்கவோ வீட்டைவிட்டு வெளியேறவோ தேவைப்படவில்லை. ஜெல்லைத் தின்ற கரப்பான் உடனே சாகாது. பதுங்கிடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்னும் குஞ்சுகளும் மடியும்.

ஒரு வாரத்தில் நடமாட்டம் வெகுவாகக் குறைந்தது. பிறகு பொடிக் குஞ்சுகள் தென்பட்டன. மருந்து பலிக்கவில்லை என்று பொருளல்ல. சமையலறையில் பெருகும் ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். ஜெல் முட்டையைத் தொடாது. அதனால்தான் இரண்டாம் வருகை அவசியம்.

அதற்குப் பின்னும் சிங்க் அருகே மட்டும் பெரிய கரப்பான்கள் வந்தன. பக்கத்து வீட்டுக் குழாய் வரும் துவாரத்தை வெள்ளை சிமெண்டால் அடைத்ததும் அதுவும் நின்றது.

ஜெல் வைத்த இடத்தில் பினாயிலோ கொசு ஸ்ப்ரேயோ படக்கூடாது. அந்த வாடை பட்டால் கரப்பான் ஜெல்லைத் தின்னாது.