கிராம் சாயமேற்றலும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளும்

கிராம் சாயமேற்றல் என்பது பாக்டீரியாக்களை அவற்றின் செல்சுவரின் அமைப்பைக் கொண்டு இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரித்துக் காட்டும் ஆய்வக முறையாகும். சாயமேற்றிய பின் ஊதா நிறத்தில் தெரிபவை கிராம் நேர் பாக்டீரியாக்கள் என்றும், இளஞ்சிவப்பாகத் தெரிபவை கிராம் எதிர் பாக்டீரியாக்கள் என்றும் அழைக்கப்படுகின்றன. எந்தச் சுவர் சாயத்தைப் பிடித்து வைக்கிறதோ அல்லது விட்டுவிடுகிறதோ, அதே சுவர்தான் பல மருந்துகள் உள்ளே நுழைய முடியுமா என்பதையும் தீர்மானிக்கிறது. ஆகவே பாக்டீரியாவின் பெயர் தெரிவதற்கு முன்பே, அதன் நிறம் மருத்துவருக்கு ஒரு வழியைக் காட்டிவிடுகிறது.

இம்முறையை டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஆன்சு கிறிஸ்தியன் கிராம் 1884ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்போது அவர் பெர்லினில், நுரையீரல் அழற்சியால் இறந்தவர்களின் திசுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். திசுவின் செல்களுக்கு நடுவே பாக்டீரியாவைத் தனியாகக் காண வேண்டும் என்பதே அவரது நோக்கம். சில வகைப் பாக்டீரியாக்கள் சாயத்தை இழப்பதை அவர் கவனித்து எழுதினார். ஆனால் அந்த இழப்புக்குக் காரணம் செல்சுவர் என்பது வெகுகாலம் கழித்தே விளங்கியது.

மதுரையில் இம்முறையின் பயன்

நாகமலை புதுக்கோட்டை போன்ற மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வயல் வேலை செய்பவர்களுக்குக் கண்ணில் நெல் உமியோ, பயிரின் தாளோ, மண்ணோ படுவது வழக்கம். அதனால் கருவிழியில் ஏற்படும் சிறு கீறல் வழியாக நுண்ணுயிர்கள் புகுந்தால் அது கருவிழிப் புண்ணாக மாறும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச் வரை வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்து, 1997இல் பிரிட்டனின் கண் மருத்துவ இதழ் ஒன்றில் முடிவுகள் வெளியிடப்பட்டன. நோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் கருவிழியில் அடிபட்டிருந்தது.

அவர்களில் 297 பேரின் புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் நுண்ணுயிர்கள் வளர்ந்தன. அதில் 140 பேருக்குப் பாக்டீரியா மட்டும், 139 பேருக்குப் பூஞ்சை மட்டும் காரணமாக இருந்தது. பாக்டீரியாக்களில் முதலிடம் பெற்றது நிமோகாக்கசு. இது கிராம் நேர் வகை. அடுத்து வந்தது சூடோமோனாசு. இது கிராம் எதிர் வகை. மூன்று வெவ்வேறு எதிரிகள், மூன்றுக்கும் வெவ்வேறு மருந்துகள். சூடோமோனாசு ஓரிரு நாட்களிலேயே கருவிழியைத் துளைத்துவிடக் கூடியது. வளர்ப்பு ஊடகத்தில் பாக்டீரியா வளர்ந்து தெரிய ஒன்றிரண்டு நாட்களும், பூஞ்சைக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாத நிலையில், ஒரு மணி நேரத்துக்குள் விடை தரும் கண்ணாடித் தகடு பார்வையைக் காப்பாற்ற உதவுகிறது.

செய்முறை

முதலில் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விடப்படுகிறது. பிறகு தூய்மையாக்கப்பட்ட சிறு கத்தியால் புண்ணின் ஓரத்தையும் அடிப்பகுதியையும் மெதுவாகச் சுரண்டி, கிடைப்பதை இரண்டு கண்ணாடித் தகடுகளில் மெல்லியதாகப் பரப்புகிறார்கள். ஒரு தகட்டில் பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசலை விட்டுப் பூஞ்சை இழைகளைத் தேடுகிறார்கள். மற்றொன்று கிராம் சாயத்துக்கு உரியது. அதை உலரவிட்டு, தீச்சுடரின் மேல் இரண்டு மூன்று முறை காட்டினால் பாக்டீரியாக்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து நான்கு படிகள். படிக ஊதா என்னும் சாயத்தை ஊற்றி ஒரு நிமிடம் விட்டுக் கழுவினால் எல்லாப் பாக்டீரியாக்களும் ஊதாவாகிவிடும். பின்னர் அயோடின் கரைசலை ஒரு நிமிடம் விட வேண்டும். செல்லுக்குள் நுழைந்துள்ள சாயத்துடன் அயோடின் சேர்ந்து, கரையாத பெரிய கூட்டுப்பொருளாக மாறுகிறது. மூன்றாவது படியில் ஆல்ககால் அல்லது ஆல்ககாலும் அசிட்டோனும் கலந்த கரைசல் சில நொடிகள் மட்டும் ஊற்றப்பட்டு உடனே நீரால் கழுவப்படுகிறது. கடைசியாகச் சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விடப்படுகிறது. உலர்ந்த தகட்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

நிறம் மாறுவது ஏன்?

பாக்டீரியாவின் சுவரில் பெப்டிடோகிளைக்கான் என்னும் வலை போன்ற பொருள் உள்ளது. சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறு புரதத் துண்டுகள் குறுக்கே கட்டிப் பிணைத்த வலை இது. கிராம் நேர் பாக்டீரியாவில் இந்த வலை பல அடுக்குகளாக, 20 முதல் 80 நானோமீட்டர் தடிமனில் இருக்கும். ஆல்ககால் படும்போது அதிலுள்ள நீர் வெளியேறி, வலையின் கண்கள் சுருங்குகின்றன. உள்ளே உருவான பெரிய கூட்டுப்பொருள் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்வதால் ஊதா நிறம் நிலைக்கிறது.

கிராம் எதிர் பாக்டீரியாவில் அந்த வலை சில நானோமீட்டர் மட்டுமே தடிமன் கொண்டது. ஆனால் அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு படலம் போர்த்தியிருக்கிறது. அதற்கு வெளிப்படலம் என்று பெயர். ஆல்ககால் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. மெல்லிய வலையாலும் சாயத்தைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. நிறமிழந்த செல் கடைசிப் படியில் சிவப்புச் சாயத்தை ஏற்று இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. ஆகவே தடிமன் மட்டும் வேறுபாடு அன்று. வெளிப்படலம் இருப்பதும் இல்லாததும் அதே அளவு முக்கியம்.

மருந்துகள் வேறுபடுவது ஏன்?

பெனிசிலினும் அதன் உறவு மருந்துகளும் பெப்டிடோகிளைக்கான் வலையின் குறுக்குப் பிணைப்பைக் கட்டும் நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. வலை பலமிழந்ததும் செல் உள்ளழுத்தத்தால் வெடித்துவிடும். கிராம் நேர் பாக்டீரியாவில் வலைக்கு வெளியே மறைப்பு ஏதும் இல்லை. தடித்த வலையானாலும் அதன் கண்கள் பெரியவை; மருந்து எளிதில் ஊடுருவிவிடும். கிராம் எதிர் வகையிலோ மருந்து முதலில் வெளிப்படலத்தைத் தாண்ட வேண்டும். அதில் போரின் எனப்படும் நுண்துளைகள் வழியாகவே நீரில் கரையும் மருந்துகள் செல்ல முடியும். சிறிய மூலக்கூறுகள் நுழையும், பெரியவை நிற்கும். வான்கோமைசின் மிகப் பெரிய மூலக்கூறு. அதனால் அது கிராம் நேர் வகையை மட்டுமே கொல்கிறது. இதற்கு நேர்மாறானது கொலிஸ்டின். அது வெளிப்படலத்தையே பற்றிக் கிழிக்கும் மருந்து. வெளிப்படலம் இல்லாத கிராம் நேர் பாக்டீரியாவிடம் அதற்கு வேலை இல்லை.

இனி கருவிழிப் புண்ணுக்கு வருவோம். தகட்டில் இரண்டிரண்டாக இணைந்த, முனை குவிந்த ஊதா உருண்டைகள் தெரிந்தால் அது நிமோகாக்கசாக இருக்க வாய்ப்பு அதிகம். செஃபசோலின் சொட்டு மருந்தை அடிக்கடி விட்டால் அது சுவரைத் தாக்கும். மெல்லிய இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் சூடோமோனாசைச் சந்தேகிக்க வேண்டும். செஃபசோலின் இங்கே தோற்றுப்போகும். சூடோமோனாசின் போரின்கள் குறுகியவை. தப்பி நுழைந்த மருந்தையும் வெளிப்படலத்துக்கும் உட்படலத்துக்கும் இடையே உள்ள நொதிகள் சிதைத்துவிடும். எஞ்சியதை வெளியே தள்ளும் புரத எக்கிகளும் அதற்கு உண்டு.

ஆகவே டோப்ராமைசின் அல்லது ஜென்டாமைசின் தேவைப்படுகிறது. நேர்மின்னூட்டம் கொண்ட இம்மருந்துகள், வெளிப்படலத்தைப் பிணைத்திருக்கும் மெக்னீசியத்தை விலக்கி, தாமே வழி உண்டாக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து புரத உற்பத்தியை நிறுத்துகின்றன. ஆனால் இதே மருந்துகள் தனியாக நிமோகாக்கசுக்குப் போதுமானவை அல்ல. இதற்குக் காரணம் சுவரன்று. உட்படலத்தைத் தாண்ட இம்மருந்துகளுக்குச் சுவாசத்தால் உண்டாகும் மின்னாற்றல் வேண்டும்; அத்தகைய சுவாச அமைப்பு நிமோகாக்கசிடம் இல்லை. எனவே தகட்டின் நிறத்தைத் தவறாகப் படித்து ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், இரண்டு விதத்திலும் நோயாளிக்கு நட்டமே. பூஞ்சை இழைகள் தெரிந்தால் இவ்விரண்டு மருந்துகளுமே பயன்படா. நாட்டமைசின் போன்ற பூஞ்சைக்கொல்லி தேவை. எது என்று தகட்டில் உறுதியாகத் தெரியாதபோது இரு வகைப் பாக்டீரியாக்களையும் தாக்கும் மருந்தைத் தொடங்கி, வளர்ப்பின் முடிவுக்குப் பின் மாற்றுவது வழக்கம்.

தவறுகளும் அவற்றைக் கண்டறிதலும்

பெரும்பாலான தவறுகள் ஆல்ககால் படியில் நேர்கின்றன. சில நொடிகள் கூடினால் கிராம் நேர் பாக்டீரியாவும் நிறமிழந்து இளஞ்சிவப்பாகிவிடும். குறைந்தால் எதிர் வகையும் ஊதாவாகவே நிற்கும். மாதிரியைத் தடிமனாகப் பரப்பினாலும் சாயம் சரியாகக் கழுவப்படாது. அயோடினை விட மறந்தால் எல்லாமே சிவப்பாகத் தெரியும்.

இதைச் சரிபார்க்க அதே தகட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. புண்ணிலிருந்து வந்த வெள்ளையணுக்களின் உட்கருக்கள் எப்போதும் இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். அவை ஊதாவாக இருந்தால் ஆல்ககால் போதவில்லை என்று பொருள். மிகுதியாகிவிட்டதா என்பதை அறிய, நிறம் ஏற்கெனவே தெரிந்த ஸ்டெஃபைலோகாக்கசு, ஈ. கோலை ஆகிய இரண்டையும் தகட்டின் ஓரத்தில் சேர்த்துச் சாயமேற்றுகிறார்கள். முன்னது ஊதாவாகவும் பின்னது இளஞ்சிவப்பாகவும் வந்தால்தான் நடுவில் உள்ள முடிவை நம்பலாம்.

நோயாளி ஏற்கெனவே கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டிருந்தால் வேறொரு குழப்பம் வரும். மருந்தால் சேதமடைந்த கிராம் நேர் பாக்டீரியாவின் சுவர் சாயத்தைத் தாங்காது. அது இளஞ்சிவப்பாகத் தோன்றி ஏமாற்றும். அதனால்தான் மாதிரி எடுக்கும் முன் என்னென்ன மருந்து விடப்பட்டது என்று கேட்கிறார்கள்.

எல்லைகள்

எல்லாப் பாக்டீரியாவும் இந்த இரண்டு நிறங்களுக்குள் அடங்கிவிடுவதில்லை. காசநோய்ப் பாக்டீரியாவின் சுவர் மெழுகுத்தன்மை கொண்டதால் கிராம் சாயத்தைச் சரியாக ஏற்பதில்லை. அதற்கு அமிலத்தாங்கு சாயம் பயன்படுகிறது. மைக்கோபிளாசுமாவுக்குச் சுவரே இல்லை. ஆகவே பெனிசிலினாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

நிறம் மருந்தெதிர்ப்பையும் காட்டாது. எடுத்துக்காட்டாக, 2010இல் சென்னை, அரியானா, பிரிட்டன் ஆகிய இடங்களின் நோயாளிகளிடம் பரவியிருந்ததாக விவரிக்கப்பட்ட என்.டி.எம்-1 நொதி, வலிமை மிக்க கார்பாபெனம் மருந்துகளையே சிதைக்கிறது. அந்த நொதியைக் கொண்ட ஈ. கோலையும், கொள்ளாத ஈ. கோலையும் தகட்டில் ஒரே இளஞ்சிவப்புக் குச்சிகளாகத்தான் தெரியும். சாயம் மருந்து நுழையும் வாசலைக் காட்டுகிறது. உள்ளே அதை எதிர்க்க என்ன காத்திருக்கிறது என்பதை வளர்ப்புக்குப் பின் செய்யும் மருந்து உணர்திறன் சோதனைதான் சொல்லும்.