அழித்த பிறகும் நிறைந்தே இருக்கும் டிஸ்க்

வேலைவாய்ப்பு விளம்பரங்களைத் தேடித் தரும் ஓர் இணையதளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் தேடல் இண்டெக்ஸில் 1 கோடி விளம்பரங்கள் உள்ளன. அவை டிஸ்க்கில் 40 ஜிபி இடம் பிடித்திருக்கின்றன. டிஸ்க்கின் மொத்தக் கொள்ளளவோ 50 ஜிபிதான். விளம்பரங்களில் 25 லட்சம், விண்ணப்பிக்கும் கடைசி நாள் எப்போதோ கடந்துபோனவை. நான்கில் ஒரு பங்கை அழித்தால் 10 ஜிபி கிடைத்துவிடும் என்று தளத்தைப் பராமரிப்பவர் கணக்குப் போடுகிறார்.

தளம் இயங்குவது சோலர் என்ற தேடல் சர்வரில். அதில் விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து அழிக்க வேண்டியதில்லை. ஒரு நிபந்தனையைச் சொன்னால் போதும், அதற்குப் பொருந்துகிற எல்லாம் ஒரே ஆணையில் போய்விடும்.

```
curl 'http://localhost:8983/solr/velai/update?commit=true' \
  -H 'Content-Type: application/json' \
  -d '{"delete":{"query":"kadaisi_naal:[* TO 2022-12-31T23:59:59Z]"}}'
```

இதே நிபந்தனையை முதலில் சாதாரணத் தேடலாக ஓட்டி, எத்தனை ஆவணங்கள் சிக்குகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. கமிட் ஆன பின் இந்த அழிப்பைத் திரும்பப் பெற வழி கிடையாது. நிபந்தனை இருக்க வேண்டிய இடத்தில் `*:*` என்று போட்டுவிட்டால் இண்டெக்ஸ் முழுவதும் காலியாகிவிடும்.

ஆணை ஓடி முடிகிறது. பழைய விளம்பரங்கள் தேடலில் வருவதில்லை. `numDocs` என்ற எண் 75 லட்சமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் டிஸ்க்கில் 40 ஜிபி அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் ஒரு மெகாபைட்டுக்குச் சற்றே அதிகமாகக் கூடியும் இருக்கிறது. ஆணை சரியாகத்தான் வேலை செய்தது. இடம் திரும்பாததற்குக் காரணம், இண்டெக்ஸ் எழுதப்பட்டிருக்கும் விதம்.

சோலரும் எலாஸ்டிக்சர்ச்சும் வேறு வேறு சர்வர்கள் என்றாலும், இரண்டுக்கும் உள்ளே இருப்பது லுசீன் என்ற ஒரே நிரல்தொகுப்பு. டக் கட்டிங் எழுதத் தொடங்கியது அது. ஒரு தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்குமல்லவா, லுசீன் ஒவ்வொரு சொல்லுக்கும் அப்படியொரு வரியை வைத்திருக்கிறது. ‘ஓட்டுநர்’ என்ற சொல் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது, ‘மதுரை’ எவற்றில் வருகிறது என்று வரிசையாக எண்கள். புத்தகத்தின் 112-ஆம் பக்கத்தைக் கிழித்துவிட்டால், அந்தப் பக்கத்தைச் சுட்டும் ஒவ்வொரு சொல்லின் வரியிலும் போய் 112-ஐ அடிக்க வேண்டும். ஒரு விளம்பரத்தில் 200 வெவ்வேறு சொற்கள் இருந்தால் அதன் எண் 200 பட்டியல்களில் கிடக்கும். இடத்தைச் சேமிப்பதற்காக, பட்டியலில் ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற வித்தியாசம் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஒன்றை உருவினால் அதற்கு அடுத்ததையும் மாற்றி எழுத வேண்டும். இதை 25 லட்சம் ஆவணங்களுக்குச் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

லுசீன் அந்த வேலையில் இறங்குவதே இல்லை. இண்டெக்ஸை அது செக்மென்ட் எனப்படும் துண்டுகளாக எழுதுகிறது. ஒருமுறை எழுதி முடித்த செக்மென்ட்டின் தரவுக் கோப்புகளை மறுபடி தொடாது. மாறாத கோப்பு என்பதால் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் தேடினாலும் பூட்டுப் போட்டுக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. இயங்குதளமும் அந்தக் கோப்புகளை நம்பி நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த வேகத்துக்கான விலையைத்தான் அழிக்கும்போது கொடுக்கிறோம். என்னைக் கேட்டால் அது நியாயமான விலை.

அப்படியானால் அழித்தபோது என்னதான் நடந்தது? இண்டெக்ஸ் கோப்புறையைத் திறந்தால் தெரியும். `_4k` என்ற செக்மென்ட்டில் 12 லட்சம் விளம்பரங்கள், 4.8 ஜிபி. மூல உரை `_4k.fdt` என்ற கோப்பில் இருக்கிறது. சொற்களும் பட்டியல்களும் மற்ற கோப்புகளில். அழிப்புக்குப் பின் அவற்றில் ஒரு பைட்கூட மாறவில்லை. பக்கத்தில் `.liv` என்று முடியும் ஒரு சிறு கோப்பு மட்டும் புதிதாக முளைத்திருக்கிறது. ஆவணத்துக்கு ஒரு பிட். உயிரோடு இருந்தால் 1, அழிக்கப்பட்டிருந்தால் 0. 12 லட்சம் பிட் என்றால் சுமார் 150 கிலோபைட். முழு இண்டெக்ஸுக்கும் கூட்டினால் 1.25 எம்பி. டிஸ்க்கில் கூடிய இடம் இதுதான். தேடும்போது லுசீன் பட்டியலில் எண்ணைக் கண்டதும் இந்த பிட்டைப் பார்க்கும். 0 என்றால் தாண்டிப் போய்விடும்.

அழித்ததும் அழியாததுமான இந்த நிலைக்கு வேறு சில விளைவுகளும் உண்டு. ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்ற கணக்கில் அழிக்கப்பட்டவையும் சேர்ந்தே இருக்கும். முடிவுகளை வரிசைப்படுத்த அந்தக் கணக்குதான் பயன்படுகிறது என்பதால், பெரிய அழிப்புக்குப் பின் முடிவுகளின் வரிசை சற்று விலகியிருக்கலாம்.

இடம் திரும்புவது மெர்ஜ் நடக்கும்போது. சில செக்மென்ட்களை எடுத்து, உயிரோடு இருக்கும் ஆவணங்களை மட்டும் புதிய செக்மென்ட்டாக எழுதிவிட்டு, பழைய கோப்புகளை நீக்குவதுதான் மெர்ஜ். பின்னணியில் தானாகவே நடக்கும். ஒரு செக்மென்ட்டில் ஓர் ஆவணம்கூட மிஞ்சவில்லை என்றால் மட்டும் மெர்ஜுக்குக் காத்திராமல் அந்தச் செக்மென்ட்டையே தூக்கிப் போட்டுவிடும்.

எந்தச் செக்மென்ட்டை எப்போது மெர்ஜ் செய்வது என்பதை முடிவுசெய்ய லுசீனுக்கு ஒரு கொள்கை இருக்கிறது. மெர்ஜில் பிறக்கும் செக்மென்ட் 5 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது அதன் வழக்கமான வரம்பு. நம் உதாரணத்தில் 4.8 ஜிபி செக்மென்ட்கள் எட்டு இருக்கின்றன, மீதமுள்ளவை சில்லறை. அழிப்பு எல்லாவற்றிலும் சமமாகப் பரவியிருந்தால் ஒவ்வொரு பெரிய செக்மென்ட்டிலும் 3 லட்சம் ஆவணங்கள் செத்திருக்கும், உயிருள்ள பகுதி 3.6 ஜிபி. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் 7.2 ஜிபி, வரம்பு மீறுகிறது. உயிருள்ள பகுதி வரம்பில் பாதிக்கு மேல் இருக்கும் செக்மென்ட்டை இந்தக் கொள்கை பொதுவாகத் தொடாது. தொட வேண்டுமென்றால் இண்டெக்ஸில் செத்த ஆவணங்களின் விகிதம் ஓர் அளவைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த அளவு சில ஆண்டுகளுக்கு முன்பு 33 சதவீதமாக இருந்தது, புதிய பதிப்புகளில் 20.

இதே அழிப்பைப் பழைய பதிப்பில் செய்தால் 25 சதவீதம் அளவுக்குள் அடங்கிவிடும். எட்டு செக்மென்ட்களும் அப்படியே கிடக்கும். புதிய பதிப்பில் வேலை தொடங்கும், ஆனால் செத்தவற்றின் பங்கு 20 சதவீதத்துக்குள் வந்ததும் நின்றுவிடும். இரண்டு மூன்று செக்மென்ட்களைத் திருத்தி எழுதினாலே அந்த நிலை வந்துவிடும். ஒன்றுக்கு 1.2 ஜிபி மிச்சம். 10 ஜிபியை எதிர்பார்த்தவருக்குக் கிடைப்பது மூன்று ஜிபி அளவில்தான்.

இது கோளாறு அல்ல. 3.6 ஜிபியை மறுபடி எழுதினால்தான் 1.2 ஜிபி கிடைக்கும். அந்த வேலை நடக்கும்போது டிஸ்க்கும் பிராசசரும் தேடலிலிருந்து பங்கு பிடுங்கும். ஓரளவு குப்பையைப் பொறுத்துக்கொள்வது என்று தெரிந்தேதான் லுசீனை எழுதியவர்கள் அந்த அளவை வைத்திருக்கிறார்கள்.

கட்டாயப்படுத்தவும் வழி இருக்கிறது. கமிட் செய்யும்போது `expungeDeletes=true` என்று சேர்த்தால், 10 சதவீதத்துக்கு மேல் செத்த ஆவணங்கள் உள்ள செக்மென்ட்கள் எல்லாம் திருத்தி எழுதப்படும். எட்டும் அதில் சிக்கும். ஆனால் இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மெர்ஜ் முதலில் புதியதை எழுதுகிறது. பழைய கோப்புகளை, அடுத்த கமிட் முடியும்வரை, கடைசி கமிட்டின் நகலாகக் காத்துவைக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் தரவு போகாமலிருக்க அது அவசியம். எனவே 40 ஜிபியின் பக்கத்திலேயே ஏறக்குறைய இன்னொரு 30 ஜிபி எழுதப்பட வேண்டும். நம் டிஸ்க்கில் காலியாக இருப்பது 10. பாதி வழியில் `No space left on device` என்று லாகில் வந்து மெர்ஜ் நின்றுவிடும். முன்பு கமிட் ஆன தரவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இடமும் கிடைக்காது. எனவே கட்டாய மெர்ஜில் இறங்குமுன், மிஞ்சப்போகும் தரவின் அளவுக்குக் காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரிய டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுச் செய்வதே பாதுகாப்பு.

எவ்வளவு குப்பை தேங்கியிருக்கிறது என்பதை அறிய, சோலரில் `maxDoc` என்ற எண்ணிலிருந்து `numDocs`-ஐக் கழித்தால் போதும். எலாஸ்டிக்சர்ச்சில் `_cat/indices` காட்டும் `docs.deleted` என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அதன் புதிய பதிப்புகள், அழிப்பு வரலாற்றை மற்ற நகல்களுக்குத் தெரிவிப்பதற்காகச் சில காலம் வேண்டுமென்றே வைத்திருக்கும். அதனால் அங்கே இடம் இன்னும் தாமதமாகவே திரும்பும். டிஸ்க் 95 சதவீதம் நிரம்பினால் எலாஸ்டிக்சர்ச் இண்டெக்ஸுக்கு ஒரு பூட்டுப் போடுகிறது. பூட்டிய பின் இண்டெக்ஸை முழுதாக நீக்கலாம், உள்ளேயுள்ள ஆவணங்களை அழிக்க முடியாது. ஆவணங்களை அழிப்பது அந்த நேரத்தில் இடத்தைக் கூட்டவே செய்யும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

வயதைப் பார்த்து அழிக்கும் தரவு என்றால், முதலிலிருந்தே மாதத்துக்கு ஓர் இண்டெக்ஸ் என்று பிரித்து வைப்பது நல்லது. பழைய மாதத்தின் இண்டெக்ஸை நீக்கினால் கோப்புகள் அப்போதே போய்விடும். மெர்ஜுக்கு வேலையே இல்லை.

ஆனால் ஒருவர் வந்து, ‘நான் பதிவேற்றிய சுயவிவரத்தை எல்லாம் அழித்துவிடுங்கள்’ என்று கேட்டால் இந்தப் பிரிவினை உதவாது. அவருடைய 40 ஆவணங்கள் எந்தெந்தச் செக்மென்ட்டிலோ சிதறிக் கிடக்கும். தேடலில் அவர் பெயர் வராது, ஆனால் அவர் எழுதிய வரிகள் `.fdt` கோப்பில் அப்படியே இருக்கும். 12 லட்சத்தில் ஐந்தாறு ஆவணங்கள் எந்த விகிதத்தையும் எட்டப்போவதில்லை. 10 சதவீதம் பார்க்கும் `expungeDeletes`-உம் அவற்றைக் கண்டுகொள்ளாது. அதற்கு சோலர் அமைப்புக் கோப்பில் `forceMergeDeletesPctAllowed` என்பதை 0 ஆக்க வேண்டும். அப்போது ஒரே ஓர் ஆவணம் செத்திருந்தாலும் அந்தச் செக்மென்ட் திருத்தி எழுதப்படும். ஆறு ஆவணங்களுக்காக 4.8 ஜிபி மறுபடி எழுதப்படும் என்பதால், இப்படி வரும் கோரிக்கைகளைச் சேர்த்துவைத்து, தேடுவோர் குறைந்த இரவு நேரத்தில் ஒரே தடவையாகச் செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.