ஓரிலக்கத்தில் தொடங்கிய கூட்டல்

பள்ளியில் கூட்டலை ஓரிலக்க எண்ணில் தொடங்குவார்கள். அது கைவந்த பிறகுதான் ஈரிலக்கம், அடுத்து மூவிலக்கம். நியூரல் நெட்வொர்க்குக்கும் இப்படி எளியதை முன்னாலும் கடினமானதைப் பின்னாலும் கொடுத்துப் பழக்குவதை ‘கரிகுலம் லேர்னிங்’ என்கிறார்கள். யோஷுவா பெஞ்சியோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-ல் எழுதிய கட்டுரையால் இந்தப் பெயர் பரவியது. கேட்டவுடன் தலையாட்ட வைக்கிற யோசனைதான். ஆனால், சோதித்துப் பார்த்தவர்களுக்கு வேறு விதமாகவும் விடை கிடைத்தது.

வோய்செக் ஜரெம்பா, இல்யா சுட்ஸ்கெவர் இருவரும் 2014-ல், சின்னச் சின்ன பைத்தான் நிரல்களை ஒவ்வோர் எழுத்தாக நெட்வொர்க்குக்குக் கொடுத்து, விடையை எழுதப் பழக்கினார்கள். கூட்டலும் அதில் உண்டு. இந்த மாதிரி இரண்டு கணக்குகளை எடுத்துக்கொள்வோம்:

```
print(3456+4543)
print(3456+4544)
```

முதலாவதன் விடை 7999, அடுத்ததன் விடை 8000. கடைசி இலக்கம் ஒன்று கூடியதும் ‘கையில் 1’ வரிசையாக இடப்பக்கம் ஏறி, விடை முழுவதையும் மாற்றிவிட்டது. நாம் வலமிருந்து கூட்டுகிறோம்; நெட்வொர்க்கோ விடையின் இடது இலக்கத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். அதற்குள் எல்லா இலக்கங்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எளியதிலிருந்து படிப்படியாக ஏறும் முறை, சில சோதனைகளில் எந்த வரிசையும் இல்லாத பயிற்சியைவிட மோசமாகப் போனது. அதற்கு அவர்கள் ஊகித்த காரணம் நுட்பமானது. எளிய கணக்கை மட்டும் பார்க்கும் நெட்வொர்க், தன் நினைவிடம் முழுவதையும் அதற்கே செலவழித்துவிடுகிறது. பெரிய எண் வரும்போது அந்த ஏற்பாட்டைப் பிரித்துத் திரும்ப அடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே படிப்படியாக ஏறும்போதே, இடையிடையே எல்லா அளவிலான கணக்குகளையும் கலந்து கொடுத்தார்கள். இரண்டு ஒன்பது இலக்க எண்களைக் கூட்டுவதில் 99 சதவீதம் துல்லியம் வந்தது.

படங்களை அடையாளம் காணும் வேலையில் கதை வேறு. ஷியாசியா வூ, ஈதன் டயர், பெஹ்னம் நெய்ஷாபுர் மூவரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் எளியது முதலில், கடினமானது முதலில், தற்செயல் வரிசை என மூன்றையும் ஒப்பிட்டார்கள். வழக்கமான பயிற்சியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். போதுமான நேரம் கொடுத்தால் நெட்வொர்க் எல்லாப் படங்களையும் பலமுறை பார்த்துவிடுகிறது; எதை முதலில் பார்த்தது என்பது அதன்பின் பெரிதாக இல்லை.

இரண்டு இடங்களில் மட்டும் வரிசை கைகொடுத்தது. ஒன்று, பயிற்சி நேரத்தை வெகுவாகக் குறைத்தபோது. இன்னொன்று, படங்களின் பெயர்களில் தவறுகள் கலந்திருந்தபோது. பூனைப் படத்துக்கு ‘லாரி’ என்று பெயர் இருந்தால் அது நெட்வொர்க்குக்குக் கடினமான படமாகவே தெரியும், வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படும். அதற்குள் சரியான பெயருள்ள படங்களை நெட்வொர்க் படித்து முடித்திருக்கும்.

இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பெயர் தவறிய படமும், இருட்டில் எடுத்த உண்மையான பூனைப் படமும் அதே கடைசி வரிசையில்தான் வந்து சேர்கின்றன. எது எது என்று பிரிக்க, ஒருவர் உட்கார்ந்து அந்தக் கடைசி வரிசையைத் திறந்து பார்க்க வேண்டும்.