வரைபடம் வேண்டாம் என்ற வட்டம்

ட்ரூத் டேபிள் போடுவதும் டிமார்கன் விதியும் முந்தைய வாரங்களில் முடிந்துவிட்டன. பழைய இதழைக் கடைக்குப் போட்டவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 24 வோல்ட் சென்சாரை 5 வோல்ட் சிப்போடு சேர்ப்பது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இடம் மிஞ்சுகிறதா பார்ப்போம்.

ஓசூர் சிட்கோ, சிப்காட் பக்கத்துச் சின்ன ஷெட்களில் பழைய மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. புது மெஷினில் பி.எல்.சி. இருக்கும். பழையதன் பெட்டியைத் திறந்தால் பச்சை போர்டும், 74 என்று தொடங்கும் கறுப்புச் சிப்புகளும். அப்படி ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அடித்த தகட்டுத் துண்டைக் காற்றால் ஊதி வெளியே தள்ளும் வால்வு ஒன்று. சுவிட்ச் ஆட்டோவில் இருந்தால் (A=1) ப்ராக்ஸிமிட்டி சென்சார் B சொல்கிறபடி வால்வு திறக்கும். மேனுவலில் இருந்தால் (A=0) பட்டன் C சொல்கிறபடி. வால்வுக்குப் போகும் அதே சிக்னல் F-ஐத்தான் கவுண்டரும் எண்ணுகிறது.

மூன்று உள்ளீடு, எட்டு வரிசை. அதில் நாலு இடத்தில் 1 வருகிறது. அப்படியே எழுதினால் நாலு உறுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று எழுத்து. இதைக் கார்னோ வரைபடத்தில் போடுவோம்:

```
        BC
       00  01  11  10
A=0     0   1   1   0
A=1     0   0   1   1
```

தலைப்பில் 01-க்கு அடுத்து 10 வராமல் 11 வருவதைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கிடையே ஒரே ஒரு எழுத்துதான் மாறவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இடக்கோடி 00-ம் வலக்கோடி 10-ம்கூட அண்டைவீட்டார்தான். காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டிப் பிடித்தால் தெரியும். எட்வர்ட் வீச் 1952-ல் இதே மாதிரிக் கட்டம் போட்டார், ஆனால் எண்களைச் சாதாரண வரிசையில் வைத்தார். பெல் லேப்ஸில் இருந்த மாரிஸ் கார்னோ அடுத்த ஆண்டு அதை இப்படி மாற்றியடுக்கினார். இந்த வரிசைக்குப் பெயர் கிரே கோடு. அந்த ஃபிராங்க் கிரேயும் பெல் லேப்ஸ்காரர். அவருடைய காப்புரிமை வழங்கப்பட்டதும் அதே 1953-ல்தான். கிரே அதை உருவாக்கியது ஒலியை எண்ணாக்கி அனுப்பும் வேலைக்கு. லாஜிக் சர்க்யூட்டோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, வட்டம் போடுவோம். மேல் வரிசையில் சேர்ந்திருக்கும் இரண்டு 1-ஐ வளைத்தால், அங்கே B மாறுகிறது, A-யும் C-யும் மாறவில்லை, ஆக A'C. கீழ் வரிசையில் இரண்டை வளைத்தால் AB. நாலு 1-ம் அடங்கிவிட்டன.

```
F = AB + A'C = ((AB)' (A'C)')'
```

வலப்பக்கத்தில் இருப்பதெல்லாம் நேண்ட். இரண்டு உள்ளீட்டையும் ஒன்றாகக் கட்டிய நேண்ட், நாட் வேலையைச் செய்யும். ஆக மொத்தம் நாலு நேண்ட். 7400 சிப்பில் இருப்பதும் சரியாக நாலு! 14-ம் காலில் 5 வோல்ட், 7-ல் கிரவுண்ட். 1, 2 இரண்டிலும் A கொடுத்தால் 3-ல் A' வரும். 4-ல் A, 5-ல் B, விடை 6-ல். 9-ல் அந்த A', 10-ல் C, விடை 8-ல். 6-ஐயும் 8-ஐயும் 12, 13-ல் கொடுத்தால் 11-ல் F. ஒரு கேட்கூட வீணாகவில்லை. அண்ட், ஆர், நாட் என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் மூன்று வகைச் சிப், ஒவ்வொன்றிலும் பாதியோ அதற்கு மேலோ சும்மா கிடக்கும். இவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டதே என்று கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன், போர்டு ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

"ஆட்டோலருந்து மேனுவலுக்குத் திருப்பும்போது கவுண்ட் ஒண்ணு கூட ஏறுது சார். எப்பவும் இல்ல, எப்பவாச்சும்தான். மேனுவல்லருந்து ஆட்டோக்குத் திருப்புனா ஒண்ணும் ஆகறதில்ல."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை வாரம் முழுக்கப் பிடித்துவைத்தது. சென்சார் முன்னால் துண்டு இருக்கிறது, பட்டனிலும் கை இருக்கிறது; B=1, C=1. சுவிட்ச் எங்கே இருந்தாலும் F=1 தானே? கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கேட் எதுவும் உடனே பதில் சொல்வதில்லை. 7400-ல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நானோ செகண்ட் எடுத்துக்கொள்ளும். A 1-லிருந்து 0-க்கு இறங்கியதும் AB பக்கம் கையை விட்டுவிடுகிறது. A'C பக்கம் பிடிக்கவேண்டும் என்றால் முதலில் நாட் திரும்பி A' வரவேண்டும். அந்த ஒரு கேட் தாமதத்தில் இருவருமே பிடித்திருக்கவில்லை. F ஒரு கணம் 0-க்கு விழுந்து மறுபடி ஏறுகிறது. இறங்கு முனையில் எண்ணும் 7490 போன்ற கவுண்டருக்கு அது ஒரு துண்டு. அந்தத் துடிப்பு மிகக் குறுகலானதால் சிலசமயம் எண்ணும், சிலசமயம் விட்டுவிடும். அதனால்தான் 'எப்பவாச்சும்'. சுவிட்சின் உலோகம் தொட்டுத் தொட்டு அதிரும்போது வாய்ப்பு இன்னும் கூடுகிறது. எதிர்த்திசையில் AB முதலில் பிடித்துக்கொள்கிறது, A'C அப்புறம்தான் விடுகிறது. ஆகவே ஒன்றும் ஆவதில்லை.

வால்வுக்கு இது தெரியவே தெரியாது. அது அசையவே மில்லி செகண்டுகள் வேண்டும். மல்டிமீட்டரிலும் தெரியாது. கண்டுபிடிக்க நண்பர் ஒரு குறும்பு செய்தார். B, C இரண்டையும் 1-ல் கட்டிவைத்து, 3-ம் காலிலிருந்து கிரவுண்டுக்குச் சின்ன கெப்பாசிட்டர் ஒன்றைத் தற்காலிகமாக வைத்தார். நாட் இன்னும் மெதுவானது, எப்பவாச்சும் வந்த பிழை அடிக்கடி வந்தது, குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. இதே கெப்பாசிட்டரை அவுட்புட்டில் போட்டுத் துடிப்பை முழுங்கவைக்கலாமே என்று சிலர் செய்வார்கள். செய்யாதீர்கள். முனை சரிந்து மெதுவாக ஏறி இறங்கினால் கவுண்டர் ஒன்றுக்கு இரண்டாக எண்ண ஆரம்பிக்கும்.

இப்போது வரைபடத்துக்குத் திரும்பிப் பாருங்கள். 11 என்ற நெடுவரிசையில் மேலும் கீழும் 1. இரண்டும் ஒட்டியிருக்கின்றன, ஆனால் வேறு வேறு வட்டத்தில். சர்க்யூட் ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம் அதுதான். பக்கத்துப் பக்கத்து 1-கள் எந்தப் பொது வட்டத்திலும் இல்லாவிட்டால் அங்கே இந்த அபாயம் உண்டு. படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மருந்து, அந்த இரண்டையும் செங்குத்தாக வளைக்கும் மூன்றாவது வட்டம், BC. சுருக்கும்போது 'தேவையில்லை' என்று நாம் விட்டுவிட்ட அதே வட்டம்!

```
F = AB + A'C + BC
```

B, C இரண்டும் 1 ஆக இருக்கும்வரை A என்ன ஆட்டம் போட்டாலும் BC பிடித்துக்கொண்டிருக்கும். விலை என்ன? கடைசி நேண்டுக்கு இப்போது மூன்று உள்ளீடு வேண்டும். இரண்டு உள்ளீட்டு நேண்டை மட்டும் வைத்து அதைச் செய்ய மூன்று கேட்: ஒரு நேண்ட், அதன்மேல் ஒரு நாட், அப்புறம் இன்னொரு நேண்ட். அதற்கு முன்னால் A'-க்கு ஒன்று, வட்டங்களுக்கு மூன்று என்று இருக்கும் நாலோடு சேர்த்து ஏழு. ஆக இரண்டு 7400, ஒரு கேட் மிச்சம். கையில் இரண்டாவது சிப் இல்லையென்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடுவரை போய்வரவேண்டும். சிப்பின் விலையைவிடப் பஸ் டிக்கெட் அதிகம்.

F-ஐ நேரடியாக எண்ணாமல், ஒரு கிளாக் துடிப்பில் மட்டும் பார்த்து எண்ணும் சர்க்யூட்டாக இருந்தால் இந்த மூன்றாவது வட்டம் தேவையே இல்லை. பி.எல்.சி.யும் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் உள்ளீட்டைப் படிக்கிறது, அதனால் அதிலும் இந்தத் தொல்லை கிடையாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பவர் பிரஸ்ஸில் கையைக் காப்பாற்றும் இரட்டைப் பட்டனுக்கு இந்த நேண்ட் வித்தையைக் காட்டவேண்டாம். ஒரு கேட் 1-லேயே சிக்கிக்கொண்டால் தடுக்க வேறு எதுவும் இல்லை. அதற்கென்றே சேஃப்டி ரிலே விற்கிறார்கள்.

24 வோல்ட் சென்சார் இந்த வாரமும் நின்றுவிட்டது. ஆப்டோ கப்ளரோடு அடுத்த வாரம் வருகிறேன்.