249 கிராம் மயக்கம்

சிங்கப்பூர் கடைகளில் கைக்கடக்கமான டிரோன்கள் 249 கிராம் எடையில் விற்கின்றன. பல நாடுகளில் 250 கிராமுக்குக் கீழே இருந்தால் விதிகள் தளர்வு. அதனால்தான் ஒரு கிராம் குறைத்துச் செய்கிறார்கள். ஊருக்கு வரும் தம்பி அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, “இது பொம்மை மாதிரிதான், யாரும் கேட்க மாட்டார்கள்” என்று திருச்சியில் இறங்குவார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை மேலிருந்து படமெடுப்பது திட்டம்.

சிக்கல் கோயிலுக்குப் போகுமுன்பே தொடங்கிவிடுகிறது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் போட்ட ஆணைப்படி, வெளிநாட்டில் முழுதாகத் தயாரான டிரோனை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பயணியின் சொந்த உபயோகம் அந்த விலக்கில் வராது. வரி கட்டிவிட்டு எடுத்துப்போகலாம் என்ற எண்ணமும் பலிக்காது. இது வரிக்குரிய பொருளல்ல, தடைப்பட்ட பொருள்.

இங்கே தம்பி எந்த வழியாக வெளியே போகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பச்சை வழியில் நடந்தால் “அறிவிக்க வேண்டியது எதுவுமில்லை” என்று சொன்னதாகவே பொருள். ஸ்கேனரில் டிரோன் தெரிந்தால் பறிமுதல், அதற்கு மேல் அபராதம். சிவப்பு வழிக்குப் போய், டிரோன் இருக்கிறது என்று உண்மையாக அறிவித்தால் கதை வேறு. சுங்கச் சட்டத்தின் 80-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. உண்மையாக அறிவிக்கப்பட்ட தடைப்பொருளை, பயணி கேட்டுக்கொண்டால், சுங்க அதிகாரி தடுத்து வைத்து, நாட்டைவிட்டுப் போகும்போது திருப்பித் தரலாம். “தரலாம்” என்றுதான் சட்டம் சொல்கிறது, “தர வேண்டும்” என்றல்ல. ஆகவே வாயால் கேட்டால் போதாது. எழுதிக் கொடுத்து, தடுத்து வைத்ததற்கான ரசீதில் மாடலும் வரிசை எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். திரும்பும் விமானத்தை வேறு ஊரிலிருந்து போட்டிருந்தால் பொருள் திருச்சியிலும் ஆள் சென்னையிலும் நிற்க நேரும். அதை முதலிலேயே அதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லது.

சரி, இந்தியாவிலேயே வாங்கிய டிரோன் என்றால்? 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளில் 250 கிராம் வரை ‘நானோ’ வகை. அதை ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மயக்கம் வருவது இந்தச் சலுகையால்தான். எடை குறைந்ததால் வானம் திறந்துவிடுவதில்லை. ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என வானம் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம், மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். நானோவுக்கும் இதே வரைபடம்தான். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது என்பதைக் கோயிலுக்கு வரும் பலர் மறந்துவிடுகிறார்கள். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

வரைபடம் பச்சையே காட்டினாலும் பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வானத்துக்கு ஒரு துறை, கல்லுக்கு ஒரு துறை. ஒன்றின் அனுமதி மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. டிரோன் பறக்கவிட இரண்டும் வேண்டும். வாசல் காவலரிடம் நயமாகப் பேசிச் சம்மதம் வாங்குவது அனுமதியாகாது. அந்த அதிகாரம் அவருக்கு இல்லை.

முக்காலி விஷயத்திலும் இதே தவறுதான் நடக்கிறது. கையில் பிடித்து எடுக்கும் படத்துக்குத் தொல்லியல் துறை தடை சொல்வதில்லை. முக்காலியையோ விளக்கையோ நட்டால் அது சாதாரணப் பார்வையாளரின் படப்பிடிப்பாக எண்ணப்படாது. முன்கூட்டியே வட்டத் தொல்லியல் கண்காணிப்பாளருக்கு எழுதி அனுமதி பெற வேண்டும். தஞ்சைக்குத் திருச்சி வட்டம், மாமல்லபுரத்துக்குச் சென்னை வட்டம். அனுமதிக் கடிதத்தின் அச்சுப்படி கையில் இல்லாவிட்டால் முக்காலியை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். மாலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றினால் கைப்பிடியிலேயே விமானம் முழுவதும் கூர்மையாக வரும். இன்றைய கேமராக்களுக்கு அது பெரிய வேலையல்ல. கருவறையில் மட்டும் கேமராவை எடுக்கவே கூடாது. அது வழிபாட்டுக் கோயிலின் வழக்கம்.

விமானத்துக்குள் ஜன்னல் வழியே படமெடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பறக்கும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் எடுக்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2020-இல் தெளிவுபடுத்தியது. பிறருக்கும் பாதுகாப்புக்கும் இடைஞ்சல் கூடாது என்பதே நிபந்தனை. பாதுகாப்புப் படையின் ஓடுதளத்தைப் பயன்படுத்தும் நிலையங்களில் இந்தச் சலுகை இல்லை. அங்கே பணியாளர் ஜன்னல் திரையை மூடச் சொன்னால் ஃபோனையும் கீழே வைத்துவிட வேண்டும். பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தையும் படமெடுக்காதீர்கள்.

ஊர் திரும்பும் நாளில் தம்பி வழக்கத்தைவிட முன்னதாகவே விமான நிலையம் போக வேண்டும். ரசீதைக் காட்டிச் சுங்கத்திலிருந்து டிரோனை மீட்க நேரம் பிடிக்கும். கிடைத்ததும் உதிரி லித்தியம் பேட்டரிகளை அதிலிருந்து பிரித்து, முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் உதிரி பேட்டரி கண்ணில் பட்டால் பெட்டியைத் திறக்கச் சொல்லி உங்களைத் தேடி வருவார்கள்.